மொத்தம் நூற்றி எண்பது

அந்தக் கணினித் தாளில் ‘மொத்த மாணவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 180 என்று அடித்தவள் நான்தான். அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். அந்த எண்ணைத் தாளில் இருந்த எந்தச் சூத்திரமும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பாதிப் பொய். பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பார்க்கிறதா என்று நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நான் புத்தளம் நகரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் தரவு அலுவலர். பெயர்தான் அலுவலர். வேலை என்னவென்றால், மற்றவர்கள் வெயிலில் நின்று எழுதிக்கொண்டு வரும் எண்களைக் கணினியில் ஏற்றுவதும், ஏற்றியதைக் கொழும்புக்கு அனுப்புவதும். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்திருந்தேன். வீட்டில் அதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். எங்கள் உம்மா கறிக்கு உப்புப் போடும்போதுகூட, “கணக்குக்காரியக் கேட்டுப் போடுவம்” என்பார்.

நாட்டில் எல்லாம் விலையேறி, மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த காலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படகுகள் திரும்பக் கடலுக்குப் போயின. ஆனால் வீடுகளில் அடைக்காத கடனும் குறைந்த சோறும் அப்படியே இருந்தன. பாடசாலைகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு ஒன்று ஏதோ ஒரு வழியில் கிடைத்தது. ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் திட்டம் அவர்களுக்கானது. தெரிவாகும் பாடசாலையில் ஆறு முதல் பதினொன்று வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வருடம் மத்தியானச் சோறு.

தெரிவு எப்படி என்றால், ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளந்து, வயதுக்கு மிக மெலிந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று மதிப்பிட வேண்டும். பணம் கொடுப்பவர்கள் வெறும் மதிப்பீட்டை ஏற்கமாட்டார்கள். மதிப்பீட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரு வழு, அதாவது பிழைக்கான இடைவெளி, இருக்கும் அல்லவா, அதைக் கழித்த பிறகும் இருபத்தைந்து வீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அந்தப் பாடசாலைக்கு இல்லை. சந்தேகத்துக்குச் சோறு போட அவர்கள் தயாராக இல்லை.

கல்பிட்டிப் பக்கம், ஆலங்குடாவுக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் அந்தப் பாடசாலை. ஊரில் பாதி, தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள். மறுபாதி பரம்பரையாக அங்கேயே கடலுக்குப் போகிறவர்கள். மேல் வகுப்புகளில் மொத்தம் நூற்றி எண்பது பேர். எந்தப் பாடசாலையானாலும் நூற்றி நாற்பது பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து அளக்க வேண்டும் என்பது கொழும்பின் உத்தரவு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் படிக்கும் நகரப் பாடசாலைக்கும் நூற்றி நாற்பது, இந்தப் பாடசாலைக்கும் நூற்றி நாற்பது. மாணவர் வரவைக் குறிக்கும் இடாப்பிலுள்ள பெயர்களுக்கு இலக்கம் போட்டு, கணினியில் குலுக்கி, பட்டியலை நானே எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு ஆள் போதாததால் அளக்கவும் நானே நின்றேன்.

மண்டபத்தில் தராசை வைத்து, சுவரில் உயரப் பலகையை நிறுத்தினோம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி ஏறி இறங்கினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரிசையில் வந்து நின்றாள். பர்தாவுக்கு உள்ளே கழுத்தெலும்பு தெரிந்தது. பட்டியலைப் பார்த்தேன், அவளுடைய இலக்கம் வரவில்லை.

“ஒங்கட பேர் இதுல இல்ல மகள். வகுப்புக்குப் போங்க.”

“அப்ப நான் கணக்கில இல்லையா, டீச்சர்?”

“இரிக்கிறீங்க. அளக்கிற புள்ளைகள்தான் ஒங்களுக்கும் சேத்துக் கதைக்கிறாங்க.”

அவள் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் போனாள். நான் சொன்னது சரி. புள்ளிவிபரம் அப்படித்தான். அவளை அளந்திருந்தால் குலுக்கல் கெட்டிருக்கும். அந்தச் சரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அன்று வராத பிள்ளைகளை மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய் அளந்து நூற்றி நாற்பதையும் முடித்தோம். நாற்பத்திரண்டு பேர் மெலிந்தவர்கள். சரியாக முப்பது வீதம். அலுவலகத்தில் தாளில் ஏற்றினேன். வழு 7.6 என்று வந்தது. முப்பதிலிருந்து அதைக் கழித்தால் 22.4. எல்லை இருபத்தைந்து. கட்டம் சிவப்பாக மாறியது. ‘தெரிவாகவில்லை’ என்று தாளே எழுதிக்கொண்டது. ஒரு கணம் மனம் கசந்தது, பிறகு அடுத்த பாடசாலையை ஏற்றத் தொடங்கினேன்.

முடிவுகளின் பிரதி ஒன்றைப் பாடசாலைகளுக்கு அனுப்புவது வழக்கம். நான்கு நாட்களில் அந்தப் பாடசாலையின் அதிபர் பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். வியர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த பிளேன்டிக் கோப்பையைத் தொடாமல், பிரதியை மேசையில் விரித்தார். ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார்.

“மகள், நான் கணக்கு வாத்தி இல்ல. வர்த்தகம் படிப்பிச்ச ஆள். ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேளுங்க சேர்.”

“இதுல கீழ் எல்ல இருவத்திரண்டு புள்ளி நாலு எண்டு போட்டிருக்கு. அப்பிடியெண்டா, என்ட ஸ்கூல்ல மெலிஞ்ச புள்ளைகள் அவ்வளவு குறைவாயும் இருக்கலாம் எண்டுதானே அர்த்தம்?”

“ஓம்.”

“நூத்தியெண்பதுல அது நாப்பது புள்ள வருது. நீங்க நாப்பத்திரண்டு புள்ளைகள ஒங்கட தராசுலயே ஏத்தி எறக்கிட்டீங்க. நாப்பத்திரண்டு பேரக் கண்ணால கண்ட பொறகு, நாப்பதுதான் இருக்குமோ எண்டு எப்பிடி மகள் சந்தேகப்படுறது? மத்த ரெண்டு புள்ளையும் எங்க போச்சு?”

பதில் இல்லாதபோது படித்தவர்கள் செய்வதை நானும் செய்தேன். குரலை மென்மையாக்கிக்கொண்டு, மாதிரி எடுத்தால் வழு என்று ஒன்று எப்போதும் இருக்கும் என்றும், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல என்றும் விளக்கினேன்.

அவர் கோபப்படவில்லை. “பானை நெறையச் சோறிருந்தாத்தான் மகள் ஒரு சோறு பதம். நீங்க பானையில முக்காவாசியத் திண்டுட்டு, வெந்திச்சோ இல்லையோ எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறீங்க” என்றார். பிரதியை நாலாக மடித்துப் பையில் வைத்தார். “பட்டியல் கொழும்புக்குப் போயிட்டா?”

“இன்னும் இல்ல சேர். ரெண்டு கிழமையில கையெழுத்தாகும்.”

“அப்ப இன்னொருக்காப் பாருங்க. பெரிய உதவி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கிய உடனே தாளைத் திறந்தேன். வழு வரும் கட்டத்தை அழுத்தி, உள்ளே இருந்த சூத்திரத்தைப் படித்தேன். முப்பது வீதம் இருந்தது, நூற்றி நாற்பது இருந்தது. நூற்றி எண்பது எங்கேயும் இல்லை. தாளைச் செய்தவர்கள் பெரிய பாடசாலைகளை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு என்ற கட்டம் அறிக்கையில் அழகுக்காக இருந்தது.

முடிவுள்ள குடித்தொகைத் திருத்தம் என்று இதற்குப் பெயர். இரண்டாம் வருடத்தில் படித்தது. பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். விசயம் ஒன்றும் பெரிதல்ல. வழு எதனால் வருகிறது? நாம் அளக்காத பிள்ளைகளால்தான். எல்லோரையும் அளந்துவிட்டால் அந்த வழு பூச்சியம். முக்கால்வாசிப் பேரை அளந்துவிட்டால், மீதியில் ஒளிந்திருக்கக்கூடிய சந்தேகம் கொஞ்சம்தான். எனவே மொத்தத்திலிருந்து அளந்தவர்களைக் கழிக்க வேண்டும், நாற்பது. அதை மொத்தத்தில் ஒன்று குறைத்து, அதாவது நூற்றி எழுபத்தொன்பதால் வகுக்க வேண்டும். வருவதற்கு வர்க்கமூலம் எடுத்து வழுவைப் பெருக்க வேண்டும். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தாலே இதைச் செய்ய வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. நாங்கள் எடுத்தது இருபதில் ஒன்றல்ல, ஒன்பதில் ஏழு.

கல்குலேட்டரில் அடித்தேன். 0.47. வழு 7.6 இல்லை, 3.6. கீழ் எல்லை 22.4 இல்லை, 26.4. இருபத்தைந்துக்கு மேலே.

மற்றப் பாடசாலைகளுக்கும் போட்டுப் பார்த்தேன். நகரத்துப் பெரிய பாடசாலைக்குத் திருத்தம் 0.96, ஒன்றுக்குப் பக்கத்தில், போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான். அதனால்தான் இத்தனை நாளும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லாப் பாடசாலைகளையும் பார்த்ததில் முடிவு மாறியது ஒன்றே ஒன்றுக்கு. அதிபர் வந்து போன பாடசாலைக்கு.

இனி நான் சொல்லப்போவதை ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கே கொழும்புக்கு ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். பட்டியல் கையெழுத்தாக இன்னும் நாள் இருந்தது. நான் எடுக்கவில்லை. என் வேலை ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் கடிதம் கொழும்பிலுள்ள எங்கள் மேலாளரின் மேசையில் இருந்தது. புள்ளிவிபரம் படித்தவள் என்று என்னை வேலைக்கு எடுத்தவரிடம், இரண்டாம் வருடத்துப் பாடத்தை மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்வோம் என்றேன். பிறகு அடுத்த நாளைக்கு. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. கடிதம் வந்தது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

எனக்கு அப்போதும் வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போது அதைவிடக் கூடுதலாக இருக்கிறது.

மேலாளர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கெட்டிக்காரப் பெண்மணி. ஏமாற்ற முடியாது.

“நீங்க சொல்றது சரி. ஆனா பட்டியல் முந்தாநாள் கையெழுத்தாயிட்டு. பணம் குடுக்கிறவங்கட ஆக்கள் கொஞ்சம் முந்தி வந்துட்டாங்க” என்றார்.

முந்தாநாள்.

“இன்னொரு விதமாவும் பாக்கலாம்தானே” என்று அவரே தொடர்ந்தார். “இந்த வருசப் பிள்ளைகள மட்டும் இல்ல, இனி வரப்போற பிள்ளைகளையும் சேத்து மதிப்பிடுறம் எண்டு வச்சா, நூற்றி எண்பது ஒரு முடிவான தொகை இல்ல. திருத்தம் தேவையில்லை எண்டு வாதாடலாம்.”

“விதிக்கோவையில ‘இத்தவணையில் இடாப்பிலுள்ள மாணவர்’ எண்டுதான் இருக்கு, மிஸ்.”

“தெரியும்” என்றார். “எனக்கும் தெரியும். ஆனா கையெழுத்தான பட்டியலத் திறக்க அவங்க விடமாட்டாங்க. வருசக் கடைசியில, மூண்டாம் தவணையில, தெரிவாகாத பாடசாலைகள இன்னொருக்கா அளக்கிறம். அதுக்கு முதல் தாளத் திருத்துங்க. உங்கட ஸ்கூல் அப்ப வரும்.”

ஊசி போகிற வழியைப் பார்க்கிறவன் உலக்கை போகிற வழியைப் பார்க்கமாட்டான் என்பார்கள். தாளைத் திருத்த எனக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. ஐந்து நிமிட வேலைக்காக நூற்றி எண்பது பிள்ளைகள் இரண்டு தவணை காத்திருக்க வேண்டும்.

அதிபருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கணக்கு சரி என்றும், பிழை எங்கள் தாளில் என்றும், அடுத்த முறை நிச்சயம் என்றும். ஒன்பது நாளைப் பற்றிச் சொல்லவில்லை. அவர், “அல்லாஹ் போதுமானவன். அடுத்த முறை வாங்க” என்றார். குரலில் மகிழ்ச்சியும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. குற்றம் சாட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மூன்றாம் தவணையில் போனபோது, இடாப்பைப் புரட்டிக்கொண்டே அதிபர் சொன்னார்.

“நூத்தி அம்பத்தியொண்டு.”

“மிச்சப் பேர், சேர்?”

“போயிட்டாங்க. கொஞ்சப் பேர் முந்தல் பக்கம் இறால் பண்ணைக்குக் குடும்பத்தோட போனாங்க. கொஞ்சப் பேர் கருவாடு காயப்போடுற வாடியில. பொம்புளப் புள்ளைகள் வெங்காயத் தோட்டத்துல. ரெண்டு மூணு வீட்டுக்கு நானே போய்க் கேட்டன். பசியோட வந்து வகுப்புல தூங்குற புள்ளைய ஏன் அனுப்பணும், தோட்டத்துல எண்டா மத்தியானம் சோறு குடுக்கிறாங்க எண்டு சொன்னாங்க. நான் என்னத்தச் சொல்ற?”

இருபத்தொன்பது பேர். சிவப்பு மையால் கோடிழுத்திருந்தது. எட்டாம் வகுப்பு இடாப்பில் அந்தப் பிள்ளையைத் தேடினேன். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனவளை. இரண்டாம் தவணையின் நடுவிலேயே கோடு.

திரும்பவும் குலுக்கி நூற்றி நாற்பது பேரை எடுத்தேன். விடுபட்டவர்கள் பதினொரு பேர்தான். அளந்து முடித்து, கணினியைப் பாடசாலைக்கே கொண்டு போயிருந்ததால், அதிபரின் அறையில் உட்கார்ந்து ஏற்றினேன். அவர் எதிரே இருந்தார். முன்பு நாலாக மடித்த அந்தப் பிரதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது.

மெலிந்தவர்கள் முப்பத்திரண்டு. 22.9 வீதம். எல்லையையே தொடவில்லை.

அலுவலகத்துக்கு வந்த பிறகு இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் முறை நாங்கள் அளந்த நாற்பத்திரண்டு மெலிந்த பிள்ளைகளில் பதினேழு பேர் இடாப்பில் இல்லை. பாடசாலையை விட்டுப் போனவர்களே மிக மெலிந்தவர்கள். மெலிந்தவர்கள் போகப் போக வீதம் இறங்கும். பிள்ளைகள் கொழுத்ததனால் இறங்கியதல்ல. ஆனால் இது பின்னால் பார்த்தது. அன்றைக்கு அந்த அறையில் என் முன்னால் திருத்திய தாள் மட்டும்தான் இருந்தது.

“இந்த முற அந்தத் திருத்தம் போட்டீங்களா மகள்?”

“போட்டன் சேர்.”

“போட்டா என்ன சொல்லுது?”

வழுவைப் பார்த்தேன். திருத்தம் இல்லாவிட்டால் 7.0 வந்திருக்கும். மேல் எல்லை முப்பதை நெருங்கியிருக்கும். எங்கள் விதிப்படி அதற்குச் சோறு கிடைக்காது. ஆனாலும் இருபத்தைந்துக்கு மேலேயும் இருக்கலாம், இருக்கலாம் என்று கொழும்பில் மன்றாட அந்தச் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். திருத்தம் போட்டதும் வழு 1.9. மேல் எல்லை 24.7. வழுவைக் கூட்டினாலும் இருபத்தைந்து வரவில்லை.

“சந்தேகமில்ல எண்டு சொல்லுது, சேர்.”

“என்னத்துக்குச் சந்தேகமில்ல?”

“இந்த ஸ்கூலுக்குத் தேவையில்ல எண்டதுக்கு.”

அவர் தலையாட்டினார். கணக்கை அவர் என்னைவிட வேகமாக விளங்கிக்கொள்கிறவர். இடாப்பை மூடி, அதன் மேலே கையை வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே மணி அடித்தது. மத்தியான இடைவேளை. சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவராத பிள்ளைகள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் குந்தினார்கள்.

“அப்ப அந்த நேரம், நான் வந்து கேட்ட நேரம், ஒங்களுக்கு எப்ப விளங்கிச்சு மகள்?”

அப்போது நான் சொன்னேன். அவர் படியிறங்கிய கையோடு விளங்கிவிட்டது என்றும், ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன் என்றும், ஏன் என்றும். அழவில்லை, அழுதால் அவர் என்னை ஆறுதல்படுத்த வேண்டி வந்திருக்கும். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு எழுந்தார். “இடைவேளை முடியுது” என்று சொல்லிவிட்டு வகுப்புகளைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைத்ததில்லை. நானும் அவரிடம் போனதில்லை.

சரிபார்க்க இன்னும் ஒரு கட்டம் மீதியிருந்தது. அவருடைய அறையில் தனியாக இருந்து, ‘மொத்த மாணவர்’ என்ற கட்டத்துக்குப் போய், இடாப்பைப் பார்த்துச் சரியாகத்தான் அடித்திருக்கிறேனா என்று இன்னொரு முறை சரிபார்த்தேன். 151. இந்த முறை சூத்திரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தது.